இரண்டு இஞ்ச் பச்சைக் கரை

1

அண்ணன் இறந்து ஓர் ஆண்டு ஆகப்போகிறது என்று நினைவுப் பூசைக்குப் பெயர் கொடுக்கப் போன மாதம் எங்கள் மாதா கோயில் அலுவலகத்துக்குப் போனேன். படிவம் எழுதிய பெண்மணி பிலிப்பீன்ஸ்காரர். சூசை என்று நான் சொன்னதை அவர் 'சூ சாய்' என்று இரண்டாகப் பிரித்து, சீனப் பெயர் போல எழுதினார். திருத்தச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இந்த ஊரில் அண்ணனைப் பற்றி நான் சரியாகச் சொன்னவையே எங்கே கொண்டுபோய் விட்டன என்று எனக்குத் தெரியும். இந்தக் குறிப்புகளை அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சூசை அண்ணன் தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் நாற்பது வருடம் வேட்டிப் பகுதியில் நின்றவர். சேலைப் பகுதிக்கு மாற்றுகிறோம் என்று முதலாளி இரண்டு முறை கேட்டும் போகவில்லை. "சேலை வாங்க வாறவங்களுக்கு நாம எடுத்துப் போட்டா போதும். வேட்டி வாங்க வாறவனுக்கு நாம சொல்லணும்லே" என்பார்.

அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். ஈரோட்டுக்கு போனில் சரக்குச் சொல்லும்போது கரையில் ஆரம்பிப்பார். என்ன நிறம், எத்தனை இஞ்ச், வெறும் நூல் கரையா ஜரிகை ஓடுகிறதா, ஜரிகை என்றால் கரையின் உள்ஓரத்திலா வெளிஓரத்திலா, ஒற்றைக் கோடா இரட்டையா, மயில்கண் நெசவா. அதன் பிறகுதான் நாலு முழமா எட்டு முழமா என்பது. நாலு முழம் ஒற்றை. ஒரு சுற்றுதான் வரும், வீட்டுக்கும் வேலைக்கும் ஆகும். எட்டு முழம் இரட்டை; பாதியாக மடித்து இரண்டு பட்டையாகக் கட்டுவது, வெளிச்சத்தில் கால் தெரியாது. கடைசியில் எத்தனையாம் நம்பர் நூல், எவ்வளவு மெலிசு என்பார். போனை வைத்துவிட்டு, "வாயால சொன்னா கேக்கவன் கண்ணுக்கு வேட்டி தெரியணும்" என்பார்.

நான் முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் கப்பல் பட்டறை வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தவன். வந்த முதல் வாரம் நீல நிறக் கால்சட்டையும் தலைக்கவசமும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் வேட்டி கட்டியது என் கல்யாணத்தன்றும், ஊரில் அப்பா அம்மா அடக்கத்தின்போதும்தான்.

2

மதினி இறந்த பிறகு அண்ணனுக்கு ஞாபகம் தடுமாற ஆரம்பித்தது. அவருக்கு ஒரே மகள், மேரி. தூத்துக்குடியில் பள்ளிக்கூட ஆசிரியை. "சித்தப்பா, கொஞ்ச நாள் உங்ககூட இருந்தா அப்பாவுக்கு மனசு தெளியும்" என்று அவள் கேட்டுக்கொண்டதால்தான் வரவழைத்தேன். குவீன்ஸ்டவுனில் எங்கள் வீடு பதினோராம் மாடி. என் மனைவி ஸ்டெல்லா, மகன் கெவின், நான். ஒரு வருகை அனுமதி, அதற்கு ஒரு நீட்டிப்பு. அதற்கு மேல் உடன்பிறந்தவருக்கு இடமில்லை. அது சட்டம், யாரையும் குறை சொல்ல முடியாது.

விமான நிலையத்தில் அவர் வெளியே வந்ததைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி இல்லை, கூச்சம். அதை மறைத்து எழுதிப் பயனில்லை. எட்டு முழம், சலவை மடிப்புக் கலையாமல் கணுக்கால் வரை. இடது தோளில் அதே கரை போட்ட அங்கவஸ்திரம், நீளவாக்கில் விசிறி போல மடித்து, கரை மட்டும் வெளியே தெரியும்படி, முன்னும் பின்னும் ஒரே அளவாகத் தொங்கியது. மற்றவர்கள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒரு சீனக் குழந்தை தன் அம்மாவின் கையை இழுத்துக் காட்டியது.

மறுநாளே இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை இரண்டு வாங்கினேன்.

"எண்ணே, இங்க பஸ்லயும் ரயில்லயும் ஏறி இறங்க இதுதான் வசதி."

போட்டுப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கழற்றிவிட்டார். "ரெண்டு காலையும் தனித்தனி அறையில போட்டுப் பூட்டுன மாதிரி இருக்குலே."

கெவின் சிரித்தான். அவனுக்குப் பெரியப்பாவைப் பிடித்திருந்தது, ஆனால் பேச முடியவில்லை. அவன் தமிழ் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன தமிழ். நண்பனின் கல்யாணத்துக்கு என்று அவன் வாங்கி வைத்திருந்த ஒட்டிக்கொள்ளும் வேட்டியை ஒருநாள் அண்ணனிடம் காட்டினான். இடுப்பில் ஒட்டுப்பட்டை, பக்கத்தில் கைப்பேசிக்குப் பை. அண்ணன் அந்தப் பட்டையைப் பிரித்து ஒட்டிப் பார்த்தார். பரபரவென்ற அந்தச் சத்தத்தைக் கேட்டு மறுபடியும் பிரித்தார்.

"அவுராதோ?"

"அவுராது பெரியப்பா. கன்ஃபர்ம் லா."

"சரி. ஆனா கட்டவும் இல்லையே" என்றார் அண்ணன். கெவினுக்கு அது புரியவில்லை. நானும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

3

அது ஒரு சனிக்கிழமை. அனுமதி முடிய ஒன்பது நாள் இருந்தது. மாலைப் பூசைக்கு நாங்கள் எல்லோரும் ஐந்து மணிக்குக் கிளம்புவதாக இருந்தோம். அண்ணன் ஒரு மணிக்கே உடுத்திக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் எடுத்தது பெரிய கரை வேட்டி. இரண்டு இஞ்ச் பச்சை, உள்ஓரம் ஒற்றை ஜரிகை.

"எண்ணே, இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள கசங்கிரும். அந்தப் பேன்ட்டைப் போட்டுக்கிட்டு வாங்களேன் இன்னைக்கு. கோயில்ல எல்லாரும் பேன்ட்தான்."

 அண்ணன் அங்கவஸ்திரத்தின் ஒரு மடிப்பைச் சரிசெய்துகொண்டார். நான் அறைக்குள் போய்ப் படுத்தேன். ஸ்டெல்லா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கெவின் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கணினியில் இருந்தான். இரண்டரை மணிக்கு நல்ல மழை பிடித்தது. மூன்று மணிக்கு எழுந்து வந்தபோது கூடத்தில் அண்ணன் இல்லை. கதவு திறந்திருந்தது.

கீழ்த்தளத்தில் தேடினோம். காப்பிக்கடை, பேருந்து நிறுத்தம், அவர் தினமும் போய் உட்காரும் பூங்கா பெஞ்சு. எங்கள் கோயிலுக்கும் ஓடிப்போய்ப் பார்த்தோம். நாலு மணிக்குக் காவல் நிலையத்தில் இருந்தோம். மலாய் இளைஞர் ஒருவர் விவரம் எழுதினார். பொறுமையான மனிதர். என் ஆங்கிலம் பட்டறைக்கு மட்டும்தான் ஆகும். கெவின் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் தட்டச்சு செய்தார். உயரம், வயது, கண்ணாடி இல்லை, ஆங்கிலம் தெரியாது. பிறகு உடை.

கெவின் 'வெள்ளை சாரோங்' என்றான். அந்த இளைஞர் நிமிர்ந்தார். சாரோங் அவர் வீட்டுத் துணி. பூப்போட்டதா, கட்டம் போட்டதா என்று கேட்டார்.

"அப்பா, சாரோங்னு சொன்னா தப்பா?"

"சாரோங் இல்லடா. சாரோங் மூட்டினது, சுத்தி வர தையல் இருக்கும். இது ரெண்டு பக்கமும் திறந்த துணி. நான் சொல்றேன், நீ அப்படியே சொல்லு."

சொன்னேன். அண்ணன் போனில் சரக்குச் சொல்வது போலவே சொன்னேன். வெள்ளை, எட்டு முழம், இரண்டாக மடித்துக் கட்டியது. வலப்பக்கம் செருகல். கணுக்காலுக்குக் கீழே பாதத்தைத் தொடும் நீளம். அடியில் சுற்றிலும் இரண்டு இஞ்ச் பச்சைக் கரை, அதற்கு மேல் தங்க நிறத்தில் ஒரு கோடு. இடது தோளில் அதே கரையில் ஒரு சிறிய துணி, மடித்துப் போட்டது. கெவின் தடுமாறித் தடுமாறிச் சொன்னான். செருகலுக்கு அவனிடம் ஆங்கிலச் சொல்லும் இல்லை. ஆனாலும் அந்த இளைஞர் எழுதியதைத் திரும்பப் படித்தபோது எனக்கு அண்ணன் கண்முன்னே நின்றார். நல்ல விவரம், இது உதவும் என்று அவர் சொன்னதாகக் கெவின் சொன்னான். அந்த நிலையிலும் எனக்கு லேசாகப் பெருமையாக இருந்தது.

நான் சொன்னது கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணனை.

4

ஐந்தரைக்குக் கெவினின் கைப்பேசி அடித்தது. அதே இளைஞர். இரண்டு தகவல் வந்திருப்பதாகச் சொன்னார். எங்கள் பேட்டைக்குப் பின்னால், பழைய ரயில் பாதை இப்போது நடைபாதையாக இருக்கிறதே, அங்கே கால்வாய் ஓரமாக ஒரு முதியவர் நடந்து போவதை ஒரு பெண் பார்த்திருக்கிறார். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு முதியவர் வெகுநேரமாக நிற்கிறார் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். இந்த இருவரில் உங்கள் வீட்டு முதியவர் யாராக இருக்கும், முதலில் எங்கே பார்க்கலாம் என்று கேட்டார்.

கெவின் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் கேட்டான். "அப்பா, கால்வாய்கிட்ட இருக்கிறவர் வைட் ஷார்ட்ஸ் போட்டிருக்காராம், முட்டி வரைக்கும். கிரீன் பெல்ட். தலையில டவல். லிட்டில் இந்தியால இருக்கிறவர் லாங் வைட் வேட்டி, கிரீன் பார்டர். எது?"

யோசிக்கவே இல்லை. அவன் சொல்லி முடிக்குமுன் சொன்னேன்.

"பெரியப்பா பொறந்ததுலேருந்து ஷார்ட்ஸ் போட்டதில்லடா. பெல்ட்டும் கெடையாது. அது அவர் இல்ல. லிட்டில் இந்தியாதான். கிளம்பு."

"கன்ஃபர்மா பா?"

"கன்ஃபர்ம்."

டாக்சியில் போகும்போது எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தமிழ்க் கடைகள் இருக்கிற இடம், நம் ஆட்கள் நடமாடுகிற இடம். அண்ணனின் கால் தானாக அங்கே போயிருக்கும் என்று ஸ்டெல்லாவிடம் போனில் சொன்னேன். அவர் எப்படி அவ்வளவு தூரம் தனியாகப் போயிருப்பார் என்று அவள் கேட்டாள். யாராவது ஏற்றிவிட்டிருப்பார்கள் என்றேன்.

அன்று அங்கே ஏதோ கல்யாண வரவேற்பு. சாலை முழுக்க வேட்டி. ஒவ்வொருவர் காலையும் பார்த்துக்கொண்டே ஓடினேன். அரை இஞ்ச் சிவப்பு, மயில்கண், பட்டு ஜரிகை, ஒட்டு வேட்டிகள். முப்பது வருடமாகப் பார்க்காத கண் ஒரே மாலையில் அத்தனை கரைகளையும் பார்த்தது. நிறுத்தத்தில் நின்ற முதியவரைக் கண்டுபிடித்தோம். பச்சைக் கரைதான். ஆனால் ஒரு இஞ்சுக்கும் குறைவு, ஜரிகை இல்லை. தன் மருமகனின் காருக்காகக் காத்து நிற்கும் தஞ்சாவூர்க்காரர். "என்ன தம்பி, யாரைத் தேடுறீங்க?" என்று அவர் அன்பாகக் கேட்டார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

அங்கேயே கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் போனேன். நாகூர்ப் பக்கத்துக்காரர், கைலியும் வேட்டியும் விற்பவர். அண்ணனை ஒருமுறை அவர் கடைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் நூல் நம்பர் பேசிக்கொண்டிருந்தார்கள். பாய் கடையை ஆளிடம் விட்டுவிட்டு எங்களோடு சந்து சந்தாக அலைந்தார். எட்டு மணிக்கு, "இங்க இல்ல தம்பி. இங்க வந்திருந்தா என் கடைக்குத்தான் வந்திருப்பாரு. வீட்டுப் பக்கம் பாருங்க" என்றார்.

அந்த நேரத்தில் கூட எனக்கு அந்தப் பச்சை பெல்ட் ஞாபகம் வரவில்லை.

5

மறுநாள் காலை ஓடப்போன ஒருவர் கால்வாய்ச் சரிவில் அண்ணனைக் கண்டார். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் இருபது நிமிடம்.

அடையாளம் காட்ட என்னை மட்டும் உள்ளே அழைத்தார்கள். கெவின் வெளியே ஊரிலிருந்து வந்த போன்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்த்து ஆமாம் என்றேன். பிறகு ஒரு மேசையில் உட்கார வைத்து, கிடைத்த இடத்தில் எடுத்த புகைப்படத்தைக் காட்டி, உடை அவருடையதுதானா என்று கேட்டார்கள்.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

ஊரில் இதைப் படிக்கிற யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. மழை பெய்திருக்கிறது, தரையெல்லாம் தண்ணீர். தண்ணீரில் கால் வைக்குமுன் கை தானாகக் கீழே போகும். வேட்டியின் அடிவிளிம்பை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, முன்னால் முடிந்துகொள்வார்கள். அதுவரை காலடியில் சுற்றி வந்த கரை இப்போது இடுப்பைச் சுற்றி வரும். நீளமாக இருந்த துணி முழங்காலில் நிற்கும். அங்கவஸ்திரம் தோளைவிட்டுத் தலைக்குப் போகும். இதைச் சின்ன வயதில் நானே நூறு முறை செய்திருக்கிறேன். அப்பா எதிரே வந்தால் அவிழ்த்துவிட்டிருக்கிறேன், அவர் கடந்ததும் மறுபடி மடித்துக் கட்டியிருக்கிறேன்.

இதையெல்லாம் அறியாத ஒரு பெண் தூரத்திலிருந்து பார்த்தால் என்ன சொல்வாள்? முட்டி வரை வெள்ளை ஷார்ட்ஸ். பச்சை பெல்ட். தலையில் துண்டு. அவள் பார்த்ததைச் சரியாகத்தான் சொன்னாள். கெவின் அதைச் சரியாகத்தான் எனக்குச் சொன்னான். காவல்துறை இளைஞர் கேட்க வேண்டியதைச் சரியாகத்தான் கேட்டார். தவறாகப் பதில் சொன்னது நான் ஒருவன். அங்கிருந்த அத்தனை பேரிலும் வேட்டி தெரிந்த ஒரே ஆள்.

எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி என்னைப் பார்த்தார். அவருக்கு அந்தத் தகவல் நினைவிருந்ததா என்று தெரியவில்லை.  உடைமைப் பட்டியலை நீட்டினார். 'வெள்ளைத் துணி, பெரியது ஒன்று. வெள்ளைத் துணி, சிறியது ஒன்று.' கையெழுத்துப் போட்டேன்.

கால் வழுக்கிச் சரிவில் விழுந்திருக்கிறார், இடுப்பெலும்பு முறிந்து எழுந்திருக்க முடியவில்லை, கடைசியில் இதயம் நின்றிருக்கிறது என்று அறிக்கை வந்தது. உயிர் போனது ஏழு மணிக்கு மேல் எட்டு மணிக்குள் இருக்கலாம் என்றும் அதில் இருந்தது. ஐந்தரைக்கு நான் கன்ஃபர்ம் என்று சொன்னேன்.

6

உடலை ஊருக்கு அனுப்ப இரண்டு நாள் ஆனது. பெட்டியில் வைக்க கோட்டு சூட்டு இருக்கிறதா என்று இறுதிச்சடங்கு நிறுவனத்தார் கேட்டார்கள். வேட்டிதான் என்று பிடிவாதமாகச் சொன்னேன். அவர்களுக்குக் கட்டத் தெரியாது, நான் கட்டுகிறேன் என்றேன்.

அலமாரியிலிருந்து புதிய எட்டு முழம் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். பாதியாக மடித்தேன். அண்ணனின் உடலைச் சற்றுத் தூக்கிப் பிடிக்க அந்த ஊழியர்கள் இருவர் உதவினார்கள். துணியை இடுப்புக்குக் கீழே விரித்தேன். அதற்கு மேல் என் கைகள் நின்றுவிட்டன. முதலில் எந்தப் பக்கம் உள்ளே போகும், எது மேலே வரும்? ஒருமுறை சுற்றினேன், தவறாகத் தோன்றியது. பிரித்தேன். மறுபடி சுற்றினேன். கரை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நின்றது.

துக்கம் கேட்க வந்திருந்த காதர் பாய் வெளியே இருந்தார். அவரை உள்ளே கூப்பிட்டேன். அவர் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"நான் கட்டலாமா தம்பி? ஒண்ணும் தப்பில்லையே?"

"கட்டுங்க பாய்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தவர் துணியைக் கையில் எடுத்ததும் ஒரு கணம் நின்றார். "நாங்க இடப்பக்கம் செருகுவோம். அண்ணன் வலப்பக்கம்தானே?"

"ஆமா."

வலது முனையை இடப்பக்கம் கொண்டுபோய் உள்ளே கொடுத்து இழுத்தார். இடது முனையை அதன் மேலே கொண்டுவந்து வலது இடுப்பில் செருகினார். மேல் விளிம்பை வெளிப்புறமாக ஒரு சுருட்டு சுருட்டி இறுக்கினார். பிறகு கால்மாட்டுக்குப் போய் நின்று, கரை இரண்டு கணுக்காலிலும் ஒரே உயரத்தில் வருகிறதா என்று பார்த்து, ஒரு பக்கம் லேசாகக் கீழே இழுத்துவிட்டார். அங்கவஸ்திரத்தை மடித்தது மட்டும் நான். ஐந்து மடிப்புப் போட்டேன். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்தது. அப்படியே இடது தோளில் வைத்துவிட்டேன்.

பெட்டியோடு ஊருக்குப் போனேன். பெட்டியைத் திறந்ததும் மேரி தன் அப்பாவின் இடுப்பைத்தான் முதலில் பார்த்தாள். "நீங்களா கட்டிவிட்டீங்க சித்தப்பா? நல்லாருக்கு" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதுவும் பொய்.

7

இந்த ஒரு வருடமும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கெவினுக்கும் தெரியாமல் இருந்தது. அவன் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. கால்வாய் ஓரத்தில் வேறு ஒரு ஆள் நடந்தார் என்றும், அதே இடத்தில் பெரியப்பாவும் விழுந்தார் என்றும் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். வேட்டியை மடித்துக் கட்டி அவன் யாரையும் பார்த்ததில்லை. இங்கே வேட்டி கட்டுகிறவர்கள் விழாவுக்குக் கட்டுகிறார்கள், குளிரூட்டிய மண்டபத்தில் நிற்கிறார்கள். மடித்துக் கட்ட வேண்டிய சேறும் தண்ணீரும் அவர்கள் வழியில் வருவதில்லை.

ஆனால் அவன் வேறு மாதிரி தன்னையே வருத்திக்கொண்டிருந்தான். தன் தமிழும் தன் ஆங்கிலமும் போதவில்லை, சாரோங் என்று தான் சொன்னதால்தான் தேடுவதில் குழப்பம் வந்தது என்று ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்கிறான். வீட்டில் பேச்சைக் குறைத்தான். வேலை முடிந்து தாமதமாக வந்தான். வெளியே ஒரு அறை வாடகைக்குப் பார்ப்பதாக இந்த மாதம் சொன்னான். அதன் பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

நினைவுப் பூசைக்குக் கிளம்பும் மாலையில், அவனைக் கூடத்துக்குக் கூப்பிட்டேன். காவல்துறை திருப்பிக் கொடுத்த அந்த வேட்டியை நான் துவைத்து வைத்திருந்தேன். அதைக் கட்டிக்கொண்டேன். காதர் பாய் கட்டியதைப் பார்த்ததிலிருந்து கை வந்துவிட்டது.

"பெரியப்பா வீட்டுலேருந்து போகும்போது இப்படி இருந்தார்" என்றேன். கரை என் பாதத்தைத் தொட்டது.

பிறகு குனிந்து, விளிம்பைப் பிடித்துத் தூக்கி, மடித்துக் கட்டினேன். துண்டைத் தலையில் போட்டேன். நிமிர்ந்து நின்றேன்.

"மழையில இப்படி நடந்தார்."

கெவின் என் இடுப்பைப் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். அவன் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"கிரீன் பெல்ட்" என்றான்.

"ஆமா."

"அந்த டைம்ல அவர் உயிரோட இருந்தார்."

"ஆமா."

"நான் உங்களைக் கேட்டேன் பா. கன்ஃபர்மான்னு கேட்டேன்."

"கேட்ட. நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. நான்தான்."

ஸ்டெல்லா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையிலிருந்த பூசைப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கெவின் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனான். பூசைக்கு மூன்று பேரும் மூன்று இடத்தில் உட்கார்ந்தோம். பங்குச் சாமியார் அண்ணனின் பெயரைப் படிவத்தில் இருந்தபடியே வாசித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மேரிக்குப் போன் போட்டேன். இனி அவளிடமும் சொல்லிவிட வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்று ஒரு மணி நேரம் யோசித்து வைத்திருந்தேன். முதலில் காவல் நிலையம், பிறகு இரண்டு தகவல், பிறகு வேட்டி எப்படி மாறும் என்ற விளக்கம், அதற்கெல்லாம் பிறகு என் பதில்.

"அன்னைக்கு சாயங்காலம் ஒரு பொம்பளை போலீசுக்குப் போன் பண்ணிச்சும்மா. கால்வாய் ஓரமா ஒரு பெரியவர் போறாரு, வெள்ளை ஷார்ட்ஸ், பச்சை பெல்ட், தலையில துண்டுன்னு சொல்லிச்சு..."

"அது அப்பாதானே சித்தப்பா" என்றாள் மேரி. இடைவெளியே இல்லை. "மழைக்கு வேட்டிய மடிச்சுக் கட்டியிருப்பாவ. பச்சை பெல்ட்டுன்னது கரைல்லா."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"உடனே போய்ப் பாத்தீங்களா?"

லிட்டில் இந்தியாவில் ஓடி ஓடி எல்லாக் கரையையும் பார்த்த கதையை நான் அவளிடம் எப்படிச் சொல்வது?

"போகலம்மா" என்றேன். "அது அண்ணன் இல்லன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. யாரோ குழந்தை எதற்கோ அழுதது.  பிறகு மேரி போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறவள். இரண்டு ஞாயிறு போய்விட்டது. நானும் கூப்பிடவில்லை. கெவின் நேற்று தன் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்தான். பூசைக்குப் பிறகு துவைத்துப் போட்ட வேட்டி இன்னும் உலர்த்தும் கம்பியில் கிடக்கிறது. காய்ந்துவிட்டது. எடுத்து மடிக்க வேண்டும். நானும் எடுக்கவில்லை, ஸ்டெல்லாவும் எடுக்கவில்லை.